டீகாஃப் குடித்தும் தூக்கம் வரவில்லை: எவ்வளவு காஃபீன் மிஞ்சுகிறது? சுவை ஏன் போகிறது?

மாலைமேகம்

மூன்று மாதமாக மாலை 4 மணிக்கு மேல் நான் காஃபீன் நீக்கிய டீகாஃப் காபி மட்டும்தான் குடிக்கிறேன். இரவு நேரத்தில் மொழிபெயர்ப்பு வேலை செய்கிறவள். பக்கத்தில் சூடாக ஒரு கோப்பை இல்லாமல் உட்கார்ந்து பழக்கமில்லை. அதனால் 7 மணிக்கு ஒன்று, 9:30க்கு ஒன்று. முழுக்கொட்டையாக வாங்கி வீட்டில் அரைக்கிறேன், ஒரு கோப்பைக்கு 18 கிராம்.

எனக்கு இரண்டு பிரச்சினை. முதலாவது, தூக்கம். வாரத்தில் நான்கு நாளாவது 2 மணி வரை விழித்தே கிடக்கிறேன். சாதாரண காபி குடித்த காலத்தில் எப்படி மார்பு லேசாகப் படபடக்குமோ, அதே மாதிரி. பொட்டலத்தில் "99.9% காஃபீன் இல்லாதது" என்று போட்டிருக்கிறது. அப்படியானால் மிச்சம் 0.1 சதவீதம். அது என்ன செய்துவிட முடியும்?

இரண்டாவது, சுவை. பொட்டலத்தைப் பிரித்த முதல் வாரம் பரவாயில்லை. அதற்கப்புறம் நனைந்த அட்டையைக் கடித்த மாதிரி இருக்கிறது. காஃபீனை எடுத்ததால்தான் சுவை போகிறதா? இல்லை, நான் வாங்கியதே சரியில்லையா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வேர்கள்

நீர் முறையில் எடுத்த டீகாஃப் தவிர வேறெதையும் வாங்காதீர்கள். மற்றதெல்லாம் டைகுளோரோமீத்தேனில் ஊறவைத்தது. சுவரில் பெயிண்ட் உரிக்கப் பயன்பட்ட அதே திரவம். அமெரிக்காவில் 2024இல் அதன் பெரும்பாலான பயன்பாடுகளுக்குத் தடையே போட்டுவிட்டார்கள். படபடப்பு அதனால்கூட இருக்கலாம். நீர் முறையில் வேதிப்பொருள் எதுவும் இல்லை, அதனால் சுவையும் அப்படியே நிற்கும். இரண்டு பிரச்சினைக்கும் ஒரே தீர்வு.

நாடோடி

எனக்கும் இதே மாதிரி ஒரு கேள்வி. நெஞ்செரிச்சலுக்காக டீகாஃபுக்கு மாறினேன், அமிலம் இல்லாத காபி என்று சொன்னார்கள். எந்த முறையில் அமிலத்தை நன்றாக எடுக்கிறார்கள்? நான் வாங்குவதில் இன்னும் எரிகிறது.

பழைய_ஆலை

டீகாஃப் ஆலை ஒன்றில் 19 வருடம் இருந்தேன். முதலில் கரைப்பான் பிரிவு, பிறகு கரியமில வாயுப் பிரிவு. ஓய்வுபெற்றுவிட்டேன், ஆனால் அந்த வாசனை இன்னும் மூக்கில் இருக்கிறது. நீளமாகத்தான் எழுத வேண்டியிருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மாலைமேகத்தின் 99.9. அந்த வாசகத்துக்கு இரண்டு பொருள் உண்டு. கொட்டையில் இருந்த காஃபீனில் 99.9 சதவீதத்தை எடுத்துவிட்டார்கள் என்பது ஒன்று. கொட்டையின் எடையில் 99.9 சதவீதம் காஃபீன் அல்லாத பொருள் என்பது இன்னொன்று. இரண்டுக்கும் இடையில் பெரிய வித்தியாசம் இருக்கிறது. அரபிகாக் கொட்டையில் காஃபீன் சுமார் 1.2 சதவீதம்தான். எடைக்கணக்கில் பார்த்தால் எதையும் எடுக்காத சாதாரண அரபிகாவே "98.8% காஃபீன் இல்லாதது". பொட்டலத்தில் "நீக்கப்பட்டது" என்று எழுதியிருக்கிறதா, "இல்லாதது" என்று எழுதியிருக்கிறதா என்று கவனியுங்கள். உங்களுடையது "இல்லாதது" என்கிறது. ஐரோப்பிய விதியும் எடைக்கணக்குதான்: வறுத்த டீகாஃபில் காஃபீன் 0.1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அமெரிக்காவில் வழங்குவது வேறு கணக்கு: இருந்ததில் 97 சதவீதத்தையாவது எடுத்திருக்க வேண்டும்.

உங்கள் 18 கிராமை வைத்தே போட்டுப் பார்ப்போம். காஃபீன் வெந்நீரில் சுலபமாகக் கரையும், அதனால் முழுதும் கோப்பைக்கு வருவதாகவே வைத்துக்கொள்கிறேன்.

சாதாரண அரபிகாவில் கிராமுக்கு 12 மில்லிகிராம். 18 கிராமுக்கு 216. அதில் 97 சதவீதம் போனால் மிச்சம் ஆறரை மில்லிகிராம். ரோபஸ்டாவாக இருந்தால் கிராமுக்கு 22 வரை இருக்கும், 18 கிராமுக்கு 396. அதிலும் 97 போனால் மிச்சம் 12. ஆனால் விதி 0.1 சதவீதம் என்றால், எந்தக் கொட்டையானாலும் கிராமுக்கு 1 மில்லிகிராம் வரை அனுமதி. அதாவது கோப்பைக்கு 18. அரபிகாவைப் பொறுத்தவரை 92 சதவீதம் எடுத்தாலே இந்த வரம்புக்குள் வந்துவிடலாம்.

ஆக உங்கள் கோப்பையில் 6 முதல் 18 வரை இருக்கலாம். இரண்டு கோப்பைக்கு அதிகபட்சம் 36. எங்கள் ஆலையில் வெளியே போன சரக்கு பெரும்பாலும் இந்த வரம்புக்கு நன்றாகக் கீழேதான் இருக்கும், ஏனென்றால் வரம்பைத் தொட்டால் மொத்தச் சரக்கும் திரும்பி வரும். நல்ல டீகாஃப் இரண்டு கோப்பை மட்டும் உங்களை 2 மணி வரை உட்காரவைக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. வேறு எங்கிருந்தோ காஃபீன் வருகிறது. கடையில் குடிக்கிறீர்களா? வீட்டில் வேறு யாராவது சாதாரண காபி குடிக்கிறார்களா?

நாடோடி, டீகாஃபில் எடுப்பது காஃபீனை மட்டும்தான். அமிலத்தை எடுக்க யாரும் முயல்வதில்லை. வழியில் கொஞ்சம் குளோரோஜெனிக் அமிலம் கரைந்து போகும், அவ்வளவே. காஃபீன் இல்லாத காபியும் வயிற்றில் அமிலச் சுரப்பைத் தூண்டும். சிலருக்கு டீகாஃபில் எரிச்சல் குறைகிறது, சிலருக்குக் குறைவதில்லை. தொடர்ந்து எரிந்தால் மருத்துவரைப் பாருங்கள், காபியை மாற்றி மாற்றிச் சோதித்துக்கொண்டிருக்காதீர்கள்.

வேர்கள்

> வேறு எங்கிருந்தோ காஃபீன் வருகிறது

ஐயா, கரைப்பானைப் பற்றி நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை. டைகுளோரோமீத்தேன் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று உலக அளவில் வகைப்படுத்தியிருக்கிறார்கள். இது பொய்யா?

பழைய_ஆலை

பொய் இல்லை. மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளவை என்ற 2ஏ பிரிவில் அது இருக்கிறது. அதை மூடிவைக்க நான் வரவில்லை. அந்த ஆவியில் நாள் முழுதும் நின்று வேலை செய்கிற ஆளுக்கு ஆபத்து உண்டு, எங்கள் பிரிவில் அதற்காகவே தனிக் காற்றுப்போக்கி வைத்திருந்தோம். பெயிண்ட் உரிக்கும் வேலைக்கு அதைத் தடுத்ததும் அந்த ஆவிக்காகத்தான்.

ஆனால் கோப்பையில் என்ன மிஞ்சுகிறது என்பது வேறு கேள்வி. டைகுளோரோமீத்தேன் 40 டிகிரியிலேயே கொதித்துப் போய்விடும். கொட்டையைக் கரைப்பானிலிருந்து எடுத்ததும் நீராவி விட்டு விரட்டுவோம், பிறகு உலர்த்துவோம். அதற்கப்புறம் வறுப்பவர் 200 டிகிரிக்கு மேல் கொண்டுபோகிறார். வறுத்த டீகாஃபில் அமெரிக்க வரம்பு பத்து லட்சத்தில் 10 பங்கு, ஐரோப்பிய வரம்பு 2 பங்கு. படபடப்புக்கு அது காரணமாக இருக்க வழியில்லை. அப்படியிருந்தும் அது வேண்டாம் என்று நீங்கள் ஒதுக்கினால் அது உங்கள் உரிமை, நான் வாதாட மாட்டேன். தொழிலாளியை நினைத்து ஒதுக்கினால் இன்னும் மதிப்பேன்.

இன்னொன்றும் சொல்கிறேன். "கரும்பு முறை", "இயற்கை முறை" என்று போட்டு வருவதும் கரைப்பான் முறைதான். கரும்பிலிருந்து எடுத்த ஆல்கஹாலில் செய்த எத்தில் அசிடேட். பழங்களில் இயல்பாகவே இருக்கும் பொருள், பாதுகாப்பானது, எனக்கு அதில் குறை இல்லை. ஆனால் வேதிப்பொருளே இல்லை என்று நினைத்து அதை வாங்குகிறவர்கள் ஏமாறுகிறார்கள்.

இந்தத் தொழிலே கரைப்பானில்தான் தொடங்கியது. 1900களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் பிரேமன் நகரத்தில் லுட்விக் ரோசேலியுஸ் முதன்முதலில் வணிக அளவில் காஃபீனை எடுத்தபோது பயன்படுத்தியது பென்சீன். அதோடு ஒப்பிட்டால் இன்று நாம் வெகுதூரம் வந்துவிட்டோம்.

கனல்

காபி வறுக்கிறவள் நான். சுவைக் கேள்விக்கு என் பங்கைச் சொல்கிறேன். நீர் முறையில் சுவை அப்படியே நிற்கும் என்ற வேர்களின் வாதத்தை மட்டும் ஏற்க முடியவில்லை. தண்ணீர்தான் சுவைக்கு முதல் எதிரி.

எந்த முறையானாலும் முதல் வேலை, பச்சைக்கொட்டையை நீராவியிலோ வெந்நீரிலோ ஊற வைத்து உப்பச் செய்வது. ஏன் என்று பழைய_ஆலை ஐயா என்னைவிட நன்றாகச் சொல்வார். நான் சொல்ல வந்தது அதன் விளைவு. பச்சைக்கொட்டையில் இருக்கும் சர்க்கரை, அமிலங்கள், டிரைகோனெல்லின் எல்லாம் தண்ணீரில் கரையும் பொருள்கள். வறுக்கும்போது வாசனையாகவும் இனிப்பாகவும் மாறப்போவது இவைதான். காஃபீனை அழைக்கப் போகும் தண்ணீர் இவற்றையும் கையோடு கூட்டிக்கொண்டு போகிறது.

டீகாஃப் பச்சைக்கொட்டையைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறீர்களா? சாதாரணப் பச்சைக்கொட்டை நீலம் கலந்த பச்சையாக, மேலே வெள்ளித்தோல் ஒட்டிக்கொண்டு, கல் மாதிரி இருக்கும். டீகாஃப் கொட்டை ஏற்கெனவே பழுப்பு. வெள்ளித்தோல் அநேகமாகப் போயிருக்கும். மோந்து பார்த்தால் புல் வாசனைக்குப் பதில் ஊறவைத்த தானியத்தின் வாசனை வரும். அதை வறுக்கும்போது எனக்குக் கண் உதவாது, தொடக்கத்திலேயே நிறம் இருட்டாக இருப்பதால் எந்தக் கட்டத்தில் இருக்கிறோம் என்று தெரியாது. காதும் பாதிதான் உதவும். முதல் வெடிப்பு சாதாரணக் கொட்டையில் சோளம் பொரிவது போலக் கேட்கும், டீகாஃபில் அங்கொன்றும் இங்கொன்றுமாக மெல்லிய சத்தம். வெடிப்பு முடிந்த பிறகு ஓட்டம் பிடிக்கும். இருபது விநாடி கவனம் சிதறினால் கரிந்துவிடும்.

நான் முதல் வருடம் சாதாரணக் கொட்டைக்கு வைக்கும் அதே சூட்டில் டீகாஃபைப் போட்டேன். வெளியே கருகல், உள்ளே வேகாத தவிட்டுச் சுவை. டீகாஃபே மோசம் என்று ஒரு வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். சூட்டைக் குறைத்துத் தொடங்கி, மூக்கையும் வெப்பமானியையும் நம்பி வறுக்கப் பழகிய பிறகுதான் அது வேறு பொருளாக வந்தது. உங்கள் நனைந்த அட்டையில் பாதி, வறுத்தவரின் பிழையாகக்கூட இருக்கலாம்.

இன்னொரு பாதி, பொட்டலத்தைப் பிரித்த பிறகு நடப்பது. ஊறிக் காய்ந்ததில் கொட்டையின் உள்கட்டு தளர்ந்துவிடுகிறது. வறுத்த சில நாளிலேயே எண்ணெய் மேற்பரப்புக்கு வந்து மினுமினுக்கும். காற்றுப் பட்டுக் கெடுவது சாதாரணக் கொட்டையைவிட வேகம். முதல் வாரம் பரவாயில்லை, அப்புறம் அட்டை என்று நீங்கள் எழுதியது எனக்கு இதைத்தான் சொல்கிறது. சிறிய பொட்டலமாக வாங்குங்கள், அல்லது பிரித்த அன்றே வாரத்துக்குத் தேவையானதைப் பிரித்து, மீதியைக் காற்றுப் புகாமல் உறைபெட்டியில் வையுங்கள்.

பழைய_ஆலை

கனல் சொன்னது ஆலையில் நாங்கள் பார்த்ததோடு அப்படியே ஒத்துப்போகிறது. ஏன் நனைக்க வேண்டும் என்பதைச் சொல்கிறேன்.

பச்சைக்கொட்டைக்குள் காஃபீன் தனியாக நிற்பதில்லை. குளோரோஜெனிக் அமிலத்தோடு கைகோத்துக்கொண்டு இருக்கிறது. கொட்டை காய்ந்து இறுகியிருக்கும்போது எந்தக் கரைப்பானும் அந்தப் பிடியை விடுவிக்க முடியாது. தண்ணீர் உள்ளே போய், கொட்டை உப்பி, பிடி தளர்ந்தால்தான் காஃபீன் நகரும். பச்சைக்கொட்டையில் இயல்பாக 10 முதல் 12 சதவீதம் ஈரம் இருக்கும். நாங்கள் அதை 30, 40 சதவீதத்துக்குக் கொண்டுபோவோம். கரியமில வாயுப் பிரிவில் ஒருநாள் ஈரமேற்றும் தொட்டியில் கோளாறு, கொட்டை சரியாக நனையாமல் உள்ளே போய்விட்டது. வாயு வழக்கம்போல மணிக்கணக்கில் ஓடியது. வெளியே எடுத்துச் சோதித்தால் காஃபீன் பாதிக்கு மேல் அப்படியே இருக்கிறது. அழுத்தம், சூடு எல்லாம் சரி, ஈரம் மட்டும் இல்லை.

கரியமில வாயு என்ன செய்கிறது என்றால், 31 டிகிரிக்கு மேல் சூடும், 73 அட்மாஸ்பியருக்கு மேல் அழுத்தமும் கொடுத்தால் அது வாயுவாகவும் இல்லாமல் திரவமாகவும் இல்லாமல் இடைப்பட்ட ஒரு நிலைக்குப் போகும். வாயு மாதிரி கொட்டையின் நுண்ணிய இடுக்குக்குள் புகும், திரவம் மாதிரி கரைக்கும். ஆலையில் 200 அட்மாஸ்பியருக்கு மேல் வைத்து ஓட்டுவோம். இதன் நல்ல குணம், அது காஃபீனை இழுக்கிற அளவுக்குச் சர்க்கரையையும் அமிலத்தையும் இழுக்காது. ஜெர்மனியில் முல்ஹைமில் நிலக்கரி ஆராய்ச்சி நிறுவனத்தில் இருந்த கர்ட் சோசல் 1960களில் வேறு ஆராய்ச்சிக்கு நடுவில் இந்தக் குணத்தைக் கண்டுபிடித்தார். ஆலை கட்டத்தான் செலவு அதிகம், அதனால் பெரிய அளவில் ஓட்டினால்தான் கட்டுப்படியாகும்.

நீர் முறையில் சர்க்கரை போவதைத் தடுக்க ஒரு வழி வைத்திருக்கிறார்கள், அதை நான் மெச்சுகிறேன். முதல் தொகுதிக் கொட்டையை வெந்நீரில் போட்டு எல்லாவற்றையும் கரையவிடுவார்கள். அந்தக் கொட்டை பலியாகிவிடும். அந்தச் சாற்றை ஆக்டிவேட்டட் கார்பனில் வடித்துக் காஃபீனை மட்டும் பிடிப்பார்கள். இப்போது கையில் இருப்பது காபியின் எல்லாப் பொருளும் நிறைந்த, காஃபீன் மட்டும் இல்லாத சாறு. அடுத்த தொகுதிக் கொட்டையை அதில் போட்டால், சர்க்கரை வெளியே போக இடமில்லை, ஏனென்றால் சாற்றிலும் அதே அளவு சர்க்கரை இருக்கிறது. காஃபீனுக்கு மட்டும்தான் இடம் இருக்கிறது. அது மட்டும் மெல்ல வெளியே வரும். சாற்றைத் திரும்ப வடித்து, திரும்ப விட்டு, மணிக்கணக்கில் சுற்றவிடுவார்கள்.

கனல்

அந்த இடத்தில்தான் எனக்கு ஒரு சந்தேகம் நீண்ட காலமாக இருக்கிறது ஐயா. சாறு முந்தைய கொட்டையிலிருந்து வந்தது. என் கொட்டை ஒரு தோட்டத்துடையது, பூவாசனை கொண்டது. அது வேறு ஊர்க் கொட்டையின் சாற்றில் மணிக்கணக்கில் ஊறினால், சர்க்கரை அளவு வேண்டுமானால் சமமாக நிற்கும். வாசனையும் என்னுடையதாகவே இருக்குமா? நான் சுவைத்த நீர் முறை டீகாஃப்கள் பலவும், எங்கிருந்து வந்தாலும், ஒரே மாதிரி மால்ட் வாசனைக்கு வந்து சேர்கின்றன என்று எனக்குத் தோன்றும்.

பழைய_ஆலை

நியாயமான சந்தேகம். ஒரே தோட்டத்துக் கொட்டைக்கு அதே கொட்டையின் சாற்றையே பயன்படுத்துவதாகச் சொல்லும் ஆலைகளும் உண்டு. ஆனால் நான் நீர் முறைப் பிரிவில் வேலை செய்ததில்லை. என் நாக்கை வைத்துத் தீர்ப்பு சொல்ல மாட்டேன்.

அளவுகோல்

நடுவில் வருகிறேன். எல்லோரும் சுவை போவதை முறையோடு மட்டும் கட்டுகிறீர்கள். காஃபீனே கசப்புப் பொருள்தானே? அது போனால் கசப்பு போகும், கசப்பு போனால் காபி சப்பென்று ஆகும். இதில் ஆலை என்ன செய்ய முடியும்?

இன்னொன்று, டீகாஃபை நான் எப்போதும் நைசாக அரைக்கிறேன். எஸ்பிரெஸோவில் அது கடகடவென்று ஓடிவிடுகிறது, பிடித்து நிறுத்த நைசாக்கித்தான் ஆகவேண்டும். மாலைமேகம் அரைவையை மாற்றிப் பாருங்கள், சுவை திரும்பலாம்.

கனல்

காஃபீன் கசப்பு என்பது சரி. ஆனால் காபியின் கசப்பில் அதன் பங்கு பத்தில் ஒன்று, ஒன்றரை அளவுதான். மீதிக் கசப்பு வறுக்கும்போது குளோரோஜெனிக் அமிலம் உடைந்து உருவாவது. இருட்டாக வறுத்த டீகாஃபைக் குடித்துப் பாருங்கள், நாக்கு சுருங்கும் அளவுக்குக் கசக்கும். அதில் காஃபீன் ஏறக்குறைய இல்லை.

ஒருமுறை எனக்கு ஒரே தோட்டத்துக் கொட்டை, எத்தில் அசிடேட் முறையில் எடுத்ததும் எடுக்காததும் இரண்டு மூட்டையாகக் கிடைத்தது. இரண்டையும் அதனதன் முறையில் வறுத்து, மூன்று மூன்று கோப்பையாக வைத்தேன். இரண்டு ஒரே காபி, ஒன்று வேறு. எது வேறு என்று கண்டுபிடிக்க வேண்டும். என்னோடு வேலை செய்யும் ஐந்து பேர் சுவைத்தார்கள். சூடாக இருந்தபோது மூன்று பேர் தவறவிட்டார்கள். ஆறியதும் எல்லோருமே கண்டுபிடித்துவிட்டார்கள். யாருமே "கசப்பு குறைவு" என்று சொல்லவில்லை. "புளிப்பு மங்கியிருக்கிறது, பின்சுவை சீக்கிரம் முடிந்துவிடுகிறது" என்றுதான் சொன்னார்கள். ஐந்து பேரை வைத்து விதி எழுத முடியாது, ஆனால் என் வேலைக்கு அது பெரிய பாடம். குறைவது கசப்பு இல்லை, புளிப்பும் நீளமும்தான்.

அரைவையில் உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை. டீகாஃப் கொட்டை நொறுங்கும் தன்மை கொண்டது, அரைத்தால் தூள் அதிகம் விழுகிறது. வடிகட்டித் தாளில் ஊற்றும்போது அந்தத் தூள் அடைத்துக்கொண்டு நீர் இறங்கவே மாட்டேன் என்கிறது. நான் பெரியதாக்குவேன்.

அளவுகோல்

உங்களுக்கு அடைக்கிறது, எனக்கு ஓடுகிறது. இயந்திரம் வேறு, வறுவலும் வேறாக இருக்கலாம். என் கொட்டை நன்றாக எண்ணெய் ஏறிய இருட்டு வறுவல். உங்களுடையது வெளிர் என்று நினைக்கிறேன். நான் அரைவை எண்களை எழுதிவைத்திருக்கிறேன், ஐந்து வேறு டீகாஃபில் நான்குக்கு நைசாக்கத்தான் வேண்டியிருந்தது.

கசப்பு விஷயத்தில் ஒத்துக்கொள்கிறேன், எனக்கு அந்தப் பங்கு தெரியாது.

மாலைமேகம்

எல்லோருக்கும் நன்றி. ஐயா கேட்ட கேள்விக்குப் பதில்: கடையில் குடிப்பதில்லை. ஆனால் வீட்டில் என் கணவர் சாதாரண காபிதான் குடிப்பார். கொட்டை வேறு டப்பாவில் இருக்கிறது, கலக்க வாய்ப்பில்லை. கிரைண்டர் ஒன்றுதான். காலையில் ஒருமுறையும் மாலை எட்டு மணி வாக்கில் ஒருமுறையும் அவர் அரைப்பார்.

பழைய_ஆலை

அம்மா, அந்தக் கிரைண்டர்தான் என்று நினைக்கிறேன். ஒரு சோதனை செய்யுங்கள். கிரைண்டரைக் கழற்றித் தூரிகையால் நன்றாகச் சுத்தம் செய்யுங்கள். பிறகு 18 கிராம் கொட்டையை எடை போட்டு உள்ளே போடுங்கள். வெளியே எவ்வளவு வருகிறது என்று எடை போடுங்கள்.

மாலைமேகம்

செய்தேன். 18 போட்டேன், 15.6 வந்தது. தட்டிப் பார்த்தேன், கூட ஒரு சிட்டிகைதான் விழுந்தது. 2.4 கிராம் உள்ளேயே நின்றுவிட்டது. திறந்து பார்த்தேன், அரைக்கும் பற்களுக்குக் கீழே தூள் வெளியே வரும் குழாயில் ஒரு வளைவு இருக்கிறது, அங்கே அடையாக ஒட்டியிருக்கிறது.

பழைய_ஆலை

அப்படியானால் கணக்கு இப்படிப் போகிறது. உங்கள் கணவர் காலையில் அரைத்ததில் 2.4 கிராம் குழாயில் நிற்கிறது. நீங்கள் 7 மணிக்கு 18 கிராம் டீகாஃப் போட்டால் அது முன்னால் நிற்பதைத் தள்ளிக்கொண்டு வரும். கோப்பைக்கு வருவது 2.4 கிராம் சாதாரணக் காபியும் 15.6 கிராம் டீகாஃபும். சாதாரணக் காபியிலிருந்து 29 மில்லிகிராம், டீகாஃபிலிருந்து 97 சதவீதக் கணக்கில் ஐந்து, ஆறு. மொத்தம் சுமார் 35. எட்டு மணிக்கு அவர் அரைக்கிறார், குழாயில் திரும்பவும் சாதாரணத் தூள். 9:30 கோப்பையிலும் அதே 35. ஆக மாலைக்கு 70, வெறும் டீகாஃப் என்றால் அதே கணக்கில் வந்திருக்கும் 13 இல்லை. அவர் குடிப்பதில் ரோபஸ்டா கலந்திருந்தால் இன்னும் கூடும். குழாயில் நின்ற தூள் முழுதும் ஒரே தள்ளலில் வராது என்பதால் இதைச் சற்றுக் குறைத்தும் வைத்துக்கொள்ளலாம்.

இப்படிக் கலப்பது உங்கள் வீட்டில் மட்டும் நடப்பதில்லை. 2006இல் புளோரிடா பல்கலைக்கழகத்தில் கடை டீகாஃப்களைச் சோதித்தார்கள். அரை லிட்டருக்குச் சற்றுக் குறைந்த பெரிய கோப்பைகளில், ஒன்றைத் தவிர மற்றவற்றில், 8.6 முதல் 13.9 மில்லிகிராம் வரை இருந்தது. ஆனால் ஒரே கடையில் வெவ்வேறு முறை வாங்கிய டீகாஃப் எஸ்பிரெஸோவில் 3 முதல் 15.8 வரை மாறியது. ஒரே பானம், ஒரே கடை, ஐந்து மடங்கு வித்தியாசம். எதனால் என்று அவர்கள் பிரித்துச் சொல்லவில்லை. கிரைண்டரும் அளவும் ஒரு பங்கு வகித்திருக்கும் என்பது என் ஊகம்.

வேர்கள்

70 மில்லிகிராம் பெரியதா? முழுக் கோப்பையில் 216 என்று நீங்களே சொன்னீர்கள். மூன்றில் ஒரு பங்குகூட வரவில்லையே.

பழைய_ஆலை

ஆளைப் பொறுத்தது. உடலில் காஃபீன் பாதியாகக் குறைய சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகும் என்பார்கள். 9:30க்குக் குடித்த 35இல் 17, 18 மில்லிகிராம் 2:30க்கும் இருக்கும், 7 மணிக் கோப்பையின் மிச்சம் வேறு. சிலருக்கு அந்த ஐந்து மணி இரண்டு மடங்காகும். கர்ப்பத்திலும், சில கருத்தடை மாத்திரை எடுப்பவர்களுக்கும் நன்றாக நீளும். என் மனைவி 200 மில்லிகிராம் குடித்துவிட்டுத் தூங்குவார். நான் பத்துக்கே புரளுவேன்.

மாலைமேகம்

இரண்டு வாரம் கழித்து வருகிறேன். எனக்கென்று கையால் சுற்றும் சிறிய கிரைண்டர் ஒன்று வாங்கினேன், அதில் டீகாஃப் தவிர எதுவும் போடுவதில்லை. கொட்டையும் கனல் சொன்ன மாதிரி சிறிய பொட்டலமாக, ஒரு பகுதியை உறைபெட்டியில். விற்பவரிடம் 99.9க்கு என்ன பொருள் என்று கேட்டேன். எடைக்கணக்கு என்று எழுதியிருந்தார்.

தூக்கம் நன்றாக மாறியிருக்கிறது. 14 நாளில் இரண்டே நாள்தான் விழித்துக் கிடந்தேன். ஆனால் நேர்மையாகச் சொல்ல வேண்டும், அதே வாரத்தில் ஒரு பெரிய வேலையும் முடிந்தது, மனபாரம் குறைந்தது. எது காரணம் என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.

சுவை பத்தாம் நாள் வரை நன்றாக இருந்தது. நேற்று ஆறிய கோப்பையைக் கவனித்துக் குடித்தேன். கனல் சொன்ன அந்தப் பின்சுவை சீக்கிரம் முடிவது இப்போது எனக்கும் தெரிகிறது. முன்பு அதை அட்டைச் சுவை என்று நினைத்திருந்தேன், இரண்டும் வேறு வேறு.

அளவுகோல், கையால் சுற்றுவதில் ஒரு சந்தேகம். நீங்கள் சொன்னபடி நைசாக்கினேன், நீர் நான்கரை நிமிடம் இறங்கவே இல்லை. கனல் சொன்னபடி பெரியதாக்கினேன், மூன்று நிமிடத்தில் முடிந்தது, ஆனால் கோப்பை மெலிந்துவிட்டது. என் கொட்டை நடுத்தர வறுவல், எண்ணெய் இல்லை. எங்கே நிறுத்துவது?

கனல்

அரைவையைப் பெரியதாகவே வையுங்கள், கொட்டையை 20 கிராமாக்குங்கள். காஃபீன் கணக்கில் அதிகபட்சம் இரண்டு மில்லிகிராம்தான் கூடும்.

அளவுகோல்

அதைவிட நீரின் சூட்டை ஏற்றிப் பாருங்கள். அரைவையை இரண்டுக்கும் நடுவில் வைத்து, கொதித்த நீரை உடனே ஊற்றுங்கள். மூன்றரை நிமிடத்துக்கு வந்தால் எனக்கு எழுதுங்கள், என் குறிப்பில் சேர்த்துக்கொள்கிறேன்.